பேடில் ஒரு பொட்டு வையுங்கள்

இயர்பட்ஸ் கேஸ் செய்கிறவர்களுக்கும், அதை வைத்துச் சார்ஜ் ஏற்றும் ஒயர்லெஸ் பேட் செய்கிறவர்களுக்கும்,

வணக்கம். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கேஸ்காரரிடம் கேட்டால் பேடை மாற்றுங்கள் என்கிறார், பேட்காரரிடம் கேட்டால் கேஸில்தான் பிரச்சினை என்கிறார். நடுவில் நான் காலையில் எழுந்து பார்த்தால் கேஸில் 40 சதவீதம். ராத்திரி வைத்தபோது பச்சையாக விளக்கு எரிந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

உங்கள் தொழில்நுட்பத்தின் பெயரை க்யூஐ என்று நாங்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறோம், சரியான உச்சரிப்பு 'சீ' என்கிறார்கள். என் கேஸைப் பார்த்து நானும் பல காலைகளில் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அளந்து பார்த்தேன். ரிச்சி தெருவில் வாங்கிய சின்ன யூஎஸ்பி மீட்டரை அடாப்டருக்கும் பேடுக்கும் நடுவில் செருகினால், பேட் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று காட்டும். கேஸைப் பேடின் நட்டநடுவில் வைத்தேன். 0.58 ஆம்பியர். 5 வோல்ட்டில் அது ஏறக்குறைய 2.9 வாட். கேஸை மெதுவாக ஒரு பக்கம் நகர்த்த நகர்த்த எண் குறைந்துகொண்டே வந்தது, எட்டு மில்லிமீட்டர் நகர்ந்ததும் 0.42-ல் நின்றது, அதாவது 2.1 வாட். அதற்கு மேல் நகர்த்தினால் மறுபடி ஏறியது. எண் அதிகமாக இருக்கும் இடத்தில்தான் வேகமாகச் சார்ஜ் ஏறும் என்று நானும் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. 0.42 காட்டிய இடத்தில் கேஸ் வெதுவெதுப்பாக இருந்தது, 0.58 காட்டிய இடத்தில் அரை மணி நேரத்தில் அடிப்பக்கம் சுட்டது. சார்ஜ் ஏறிய வேகம் இரண்டிலும் ஒன்றுதான்.

காரணம் உங்களுக்குத் தெரியும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பேடுக்குள் ஒரு செம்புக் கம்பிச் சுருள், காயில் என்பார்கள், கேஸுக்குள் இன்னொன்று. கேஸ் சும்மா வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை, தன் காயில் எடுக்கும் சுமையைச் சின்னச் சின்னதாகக் கூட்டிக் குறைத்து அதன் மூலமாகவே பேடுடன் பேசிக்கொண்டிருக்கும். 'எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும்', 'போதும்', 'இவ்வளவு வந்து சேர்ந்தது'. இரண்டு காயிலும் நேருக்கு நேர் இல்லாவிட்டால் வந்து சேர்வது குறையும், கேஸ் இன்னும் கொடு என்று கேட்கும், பேட் தன் காயிலில் கரண்டைக் கூட்டும். கேஸுக்குத் தேவையானது எப்படியோ கிடைத்துவிடும். கூடுதலாகச் செலவான 0.8 வாட் செம்பிலும், பக்கத்தில் இருக்கிற கீல், பேட்டரி உறை போன்ற உலோகத்திலும் சூடாகப் போகும். மீட்டரில் நான் பார்த்த ஏற்றம் அந்தச் சூடுதான்.

இன்னும் கொஞ்சம் தள்ளி, பன்னிரண்டு மில்லிமீட்டர் வாக்கில் விலகினால், வேறு கதை. பேட் தான் கொடுத்ததையும் கேஸ் வாங்கியதாகச் சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் பெரிதானால் நடுவில் காசோ சாவியோ கிடக்கிறது என்று சந்தேகப்பட்டு நிறுத்திவிடும். நல்ல ஏற்பாடுதான், ஒரு சாவி அங்கே கிடந்தால் உண்மையாகவே கையைச் சுடும். ஆனால் விலகி வைத்த கேஸும் அதன் கண்ணுக்குக் காசு மாதிரியே தெரிகிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அதே மேஜையில் போன் ஒருமுறை அதிர்கிறது, உருண்டையான அடிப்பாகம் கொண்ட உங்கள் கேஸ் மூன்று மில்லிமீட்டர் நகர்கிறது, பேட் நிறுத்திவிடுகிறது. அதுதான் என் 40 சதவீதம். கேஸில் சாவி வளையம் மாட்டியிருப்பவர்களுக்கு நகரவே வேண்டாம், வளையம் அடியில் மடங்கிக் கிடந்தாலே போதும்.

போனில் இந்தத் தொல்லை ஏன் இவ்வளவு இல்லை? போனில் இருக்கிற காயில் அகலமானது, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தாங்கும். கேஸில் இருப்பது அதைவிடச் சின்னது, அதிலும் அது கேஸின் நடுவில் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. நடுவில் பேட்டரி உட்கார்ந்திருக்கும், இரண்டு பட்ஸுக்கும் குழி, காந்தம், கீல், சார்ஜிங் துளை எல்லாம் இடம் பிடித்த பிறகு மிச்சம் இருக்கிற சுவரில் காயிலை ஒட்டுகிறீர்கள். சில கேஸில் அது முதுகில், மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். சிலவற்றில் அடியில், நிற்க வைக்க வேண்டும். என் கேஸில் முதுகில், கீலுக்கு எதிர்ப்பக்கமாக எட்டு மில்லிமீட்டர் இறங்கி இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மீட்டரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தேவைப்பட்டன. உங்களுக்கு அது வரைபடத்தில் ஒரு கோடு.

பேட்காரர்களும் தப்பிக்க முடியாது. சாய்வான ஸ்டாண்ட் விற்கிறீர்கள், காயில் போனின் நடுவயிற்றுக்கு நேராக இருக்கிறது, கேஸ் வழுக்கிக் கீழே போய் உதட்டில் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு மூன்று காயில் வைத்த பேடில் அவற்றின் நடுவே எங்கே பலவீனமான இடம் என்று நீங்கள் சொல்வதில்லை. 2023-ல் வந்த க்யூஐ2 காந்த வளையம் போனுக்கு அருமையாக வேலை செய்கிறது, ஆனால் அதற்கேற்ற காந்தம் இல்லாத கேஸை அதில் வைத்தால், கேஸின் மூடியில் இருக்கும் காந்தத்தை வளையம் பிடித்து இழுத்துத் தப்பான இடத்தில் கெட்டியாக நிறுத்தியும்விடும். நகராது. அதுவே பிரச்சினை.

இப்போது வேகம். என் பேடின் பெட்டியில் 15 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. என் கேஸில் இருப்பது 500 மில்லிஆம்பியர் அவர் பேட்டரி, 3.7 வோல்ட், மொத்தமாக 1.85 வாட் அவர்தான். கேபிளில் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் நிரம்புகிறது, பேடில் இரண்டே முக்கால் மணி நேரம். சின்ன பேட்டரிக்குப் பெரிய கரண்ட் கொடுக்கக் கூடாது என்பது புரிகிறது. பேடில் வைக்கும்போது ஒரு 250 மில்லிஆம்பியர் அளவில் கேஸ் தானே அடக்கிக்கொள்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிகிறது. அப்படியானால் பேட்டரிக்குள் போவது ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் கீழே. 15 வாட் பேடும் 5 வாட் பேடும் இதற்கு ஒன்றுதான். குளத்திலிருந்து மொண்டாலும் குடத்திலிருந்து மொண்டாலும் டம்ளர் அதே டம்ளர்.

ஏன் பாதியாகக் குறைக்கிறீர்கள் என்பதற்கும் சூடுதான் காரணம். சின்னக் கேஸ்களில் பெரும்பாலும் இருக்கிற எளிய சார்ஜிங் சிப், 5 வோல்ட் வாங்கி 3.7 வோல்ட் பேட்டரிக்குக் கொடுத்துவிட்டு நடுவில் இருக்கும் 1.3 வோல்ட்டைச் சூடாக்கி விடுகிறது. கால் ஆம்பியரில் அது மூன்றில் ஒரு பங்கு வாட். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் காற்றுப் போகாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள், பேட்டரிக்குப் பக்கத்தில், கீழே ஏற்கெனவே சூடான ஒரு பேடின் மேல் அது நடக்கிறது. லித்தியம் பேட்டரியை வழக்கமாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்ய விடமாட்டார்கள், சிப் கரண்டைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். சென்னையில் மே மாதம் விசிறி மட்டும் ஓடுகிற அறை ராத்திரியிலும் 33, 34 டிகிரி. எங்களுக்கு மிச்சம் இருப்பது 11 டிகிரி. சரியாக வைத்தால் அதற்குள் முடிந்துவிடும், எட்டு மில்லிமீட்டர் விலகினால் முடியாது. அப்போது விளக்கு அணைகிறது, நிரம்பிவிட்டது என்று எடுத்துப் பார்த்தால் 70. நிரம்பி அணைந்ததற்கும் சுட்டு அணைந்ததற்கும் ஒரே மாதிரி அணையும் விளக்கை வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. (கையில் எடுத்துப் பாருங்கள், சுட்டால் இரண்டாவது காரணம். இதுதான் எங்கள் வீட்டுச் சோதனை.)

சிலிக்கான் உறை போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டு மில்லிமீட்டர் உறை என்றால் இரண்டு காயிலுக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி கூடுகிறது, அதோடு அது போர்வையும் கூட. ராத்திரிக்குக் கழற்றிவிடுங்கள். பட்ஸ் காலியாக உள்ளே இருந்தால் அவையும் பங்கு கேட்கும், கடைசி 20 சதவீதம் எப்போதும் ஊர்ந்துதான் போகும். இந்த இரண்டும் கோளாறு இல்லை.

இனி நான் கேட்பது. கேஸில், காயிலின் மையம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு புள்ளி அச்சடியுங்கள். பேடிலும் அதேபோல் ஒன்று, மூன்று காயில் இருந்தால் மூன்று. போன் வைப்பதற்கென்று நீங்கள் போடுகிற அலங்கார வட்டம் வேண்டாம், உண்மையான மையம் வேண்டும். பெட்டியில் பேடின் வாட்டை எழுதுகிற இடத்தில், கேஸ் எத்தனை வாட் வாங்கும், எத்தனை மணி நேரம் ஆகும் என்று எழுதுங்கள். சூட்டில் நின்றால் விளக்கு அணையாமல் வேறு மாதிரி மினுக்கட்டும்.

அதுவரை நான் செய்திருப்பது இது. மீட்டரில் எண் எங்கே மிகக் குறைவாக இருந்து சார்ஜ் விளக்கும் எரிந்ததோ அந்த இடத்தை அடையாளம் வைத்து, அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றைப் பேடில், கேஸின் விளிம்பு வந்து நிற்கும் இடத்தில் ஒட்டினேன். கேஸின் விளிம்பில் அதற்கு நேராக இன்னொன்று. மீட்டர் இல்லாதவர்கள் மூன்று மில்லிமீட்டராக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று விநாடி பொறுத்து, விளக்கு எந்தெந்த ஓரத்தில் அணைகிறது என்று நான்கு பக்கமும் பார்த்து அதன் நடுவை எடுத்துக்கொள்ளலாம். கல் வைத்த பொட்டு வேண்டாம், கேஸ் அதன் மேல் ஏறி ஆடும். நான் ஒட்டிய பிறகு ஒரு காலைகூட நூறுக்குக் கீழே பார்க்கவில்லை, ஒரே ஒரு நாள் தவிர. அன்று பூனை.

அடுத்த மாடலில் நீங்களே அச்சடித்து அனுப்புங்கள். தங்கையின் கேஸ், மாமாவின் கேஸ், பக்கத்து வீட்டுப் பேட் எல்லாவற்றுக்கும் ஒட்டிக் கொடுத்ததில் பொட்டு அட்டை காலியாகிவிட்டது, அம்மா தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
எட்டு மில்லிமீட்டர் தள்ளி வைத்துப் பழகிய ஒருவன்