கலைச்சொல் இல்லாமல் சொல்லட்டும்

ஆசிரியருக்கு,

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கான மாலை நேரச் சிறப்பு வகுப்புகள் குறித்துத் தங்கள் மதுரைப் பதிப்பில் வந்த செய்தியைப் படித்தேன். அந்த நேரமும் வினா-விடை ஒப்பிப்பதில் கழிந்துவிடக் கூடாது. படித்ததை எளிய சொற்களில் விளக்கச் சொன்னால்தான், புரிந்ததா மனப்பாடமா என்பது தெரியவரும். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று கேட்டால், ‘ஆவியாதல்’ என்று வகுப்பே சொல்லும். அந்தச் சொல்லை விலக்கி விளக்கச் சொன்னால் பலரும் நின்றுவிடுவார்கள். என் மாணவி ஒருத்தி, பானையின் நுண்துளைகளில் நீர் கசிகிறது, அது காற்றில் கலக்கத் தேவையான வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது என்று அழகாகச் சொன்னாள். “அப்படியானால் ஐப்பசி அடைமழையில் ஏன் அவ்வளவு குளிர்வதில்லை?” என்றதும் தடுமாறினாள். பிறகு பாடநூலைப் புரட்டி, காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் கசிந்த நீர் மெதுவாகவே உலர்கிறது என்று தானே கண்டுகொண்டாள். தடுமாறிய இடம்தான் மறுபடி படிக்க வேண்டிய இடம். அதைத் தேர்வுக்கு முன்பே காட்டிக்கொடுப்பது இம்முறை.

ஆனால், கேட்பவர் ‘ஏன்’ என்று விடாமல் கேட்க வேண்டும்; இல்லாவிட்டால் இதுவும் ஒப்பிப்பாகிவிடும். எனவே, சிறப்பு வகுப்பின் கடைசிப் பத்து நிமிடங்களில் ஒரு மாணவர் கரும்பலகை முன் நின்று விளக்கவும், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேள்வி கேட்கவும் கல்வித்துறை ஏற்பாடு செய்யலாம்.

- ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், திருமங்கலம்