கும்பகோணத்தில் எங்கள் லாட்ஜுக்குத் திரும்பத் திரும்ப வரும் உங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நவக்கிரகக் கோயில்களைச் சுற்ற வருபவர்கள், நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு எடுக்க வருபவர்கள், வருஷா வருஷம் திதி கொடுக்க வரும் குடும்பங்கள் என உங்களில் பலரின் முகம் எனக்குத் தெரியும். வரும் ஆடி முதல் வாரத்தில் லாட்ஜில் பெரிய வேலை ஒன்றைத் தொடங்குகிறோம். புரட்டாசி கடைசி வரை நடக்கும். நேரில் வந்து வாசலில் நின்றபின் தெரிந்து நீங்கள் வருத்தப்படக்கூடாது என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

இப்படி எழுத ஒரு காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் வராந்தா தளத்தை மாற்றியபோது யாருக்கும் சொல்லவில்லை. திருநள்ளாறு போய்விட்டு மதியம் களைத்துத் திரும்பிய ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு, டைல்ஸ் வெட்டும் சத்தத்தில் இருக்க முடியாமல் அன்றே காலி செய்தது. வாடகையைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் குழந்தையின் தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அந்தத் தவறு எங்களுடையது.

இப்போது செய்யப்போவது குளியலறை வேலை. முப்பது வருஷக் கட்டடம். சுவருக்குள் ஓடுவது பழைய இரும்புக் குழாய்கள். காலையில் குழாயைத் திறந்ததும் முதலில் பழுப்பாகத் தண்ணீர் வருகிறது என்று நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். அது உள்ளே பிடித்த துரு. போதாததற்கு 304-ன் குளியலறைத் தரை வழியாக 204-ன் கூரையில் ஈரம் இறங்குகிறது. மேலே பெயின்ட் அடித்து மறைத்தால் ஆறு மாதம்கூடத் தாங்காது. தரையை உடைத்து, அடியில் நிரப்பியிருக்கும் செங்கல் ஜல்லியை அள்ளி, குழாயை மாற்றி, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு போட்டால்தான் சரியாகும்.

ஏன் இந்த வருஷமே என்றால், அடுத்த மகாமகம் 2028 மாசியில் வருகிறது. 2016-ல் ஊர் எப்படி நிரம்பியது என்பது உங்களுக்குத் தெரியும். புதுக்குழாயும் புதுப்பூச்சும் அதற்கு முன் ஒரு ஐப்பசி மழையையாவது பார்த்திருக்க வேண்டும். ஆடியில் கல்யாணக் கூட்டம் இல்லாததும் எங்களுக்குச் சௌகரியம்.

மாடி மாடியாக மூடாமல் ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று சிலர் கேட்டார்கள். எங்கள் மூன்று மாடிகளிலும் குளியலறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக, இரண்டிரண்டாக முதுகொட்டி இருக்கின்றன. மேலிருந்து கீழே ஒரே குழாய். மூன்றாம் மாடியில் அதை வெட்டினால் முதல் மாடியிலும் தண்ணீர் நிற்கும். அதனால் ஒரு லைனில் உள்ள ஆறு அறைகளையும் சேர்த்துத்தான் மூட முடியும். மொத்தம் ஐந்து லைன். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய மூன்று வாரம். ஒரு லைன் டைல்ஸ் கட்டத்துக்கு வந்ததும் அடுத்த லைனில் உடைப்பு தொடங்கும். அதனால் சில நாட்களில் முப்பதில் பன்னிரண்டு அறைகள் மூடியிருக்கும்.

சத்தத்தைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். மூன்று வாரமும் ஒரே மாதிரி இருக்காது. முதல் நான்கு நாள் உடைப்பு, அதுதான் கடுமை. பிரேக்கர் மெஷினின் அதிர்வு காற்றில் வருவதைவிடத் தூண், தளம் வழியாக அதிகம் போகும். அதனால் ஜன்னலைச் சாத்தினாலும் பெரிதாகக் குறையாது. இரண்டு அறை தள்ளி இருப்பவரைவிட நேர் கீழே இருப்பவருக்கே அதிகம் கேட்கும். அப்புறம் குழாய் வேலை, ஓரளவு சத்தம். அதற்குப்பின் மூன்று நாள் ஏறக்குறைய சத்தமே இருக்காது. பூச்சு காய்ந்தபின் தரையில் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் கோடு போட்டுக் குறித்து, பக்கத்தில் ஒரு வாளியிலும் தண்ணீர் வைப்போம். வாளியில் குறைந்த அளவே தரையிலும் குறைந்திருந்தால் அது ஆவியானது. தரையில் அதைவிட அதிகம் இறங்கியிருந்தாலோ, கீழறைக் கூரையில் ஈரம் தெரிந்தாலோ, பூச்சு தோற்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து. அப்படி ஆனால் நாட்கள் தள்ளிப்போகும். கடைசி வாரம் டைல்ஸ் வெட்டுவது. அதை முடிந்தவரை கொல்லைப்பக்கத்தில் வைத்து வெட்டச் சொல்லியிருக்கிறோம்.

உடைப்பு நேரம் காலை 9.30 முதல் 12.30 வரை, பிறகு 3.30 முதல் 6 வரை. விடியற்காலையில் கிளம்பி, மதியம் வந்து கண்ணயர்வது உங்கள் வழக்கம் என்பதால் இடையில் மூன்று மணி நேரம் மெஷின் ஓடாது. ஞாயிற்றுக்கிழமையும், உப்பிலியப்பன் கோயிலுக்குக் கூட்டம் வரும் புரட்டாசி சனிக்கிழமைகளிலும் உடைப்பு கிடையாது. உடைப்பு நாட்களில் பக்கத்து லைன் அறைகளை வாடகைக்கு விடமாட்டோம்.

தூசி விஷயத்தில் இவ்வளவு உறுதி தர முடியாது. தார்ப்பாய் கட்டி, தண்ணீர் தெளித்துத்தான் உடைப்போம். ஆனாலும் வராந்தாவுக்கு வரும். ஆஸ்துமா உள்ளவர்கள், சின்னக் குழந்தையோடு வருபவர்கள் அந்த நான்கு நாளைத் தவிர்த்துவிடுங்கள். அறை காலியாக இருந்தாலும் நாங்களே வேண்டாம் என்றுதான் சொல்வோம்.

இடிபாடு இறங்கும் இடம் என்பதால் பின்பக்கக் கார் நிறுத்துமிடம் மூன்று மாதமும் மூடியிருக்கும். வண்டிகளை நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு திடலில் விடலாம், காவலுக்கு ஆள் உண்டு. மொட்டைமாடிக்கு யாரும் போக முடியாது. புரட்டாசியில் அங்கேயும் பூச்சு வேலை நடக்கும்போது சோலார் ஹீட்டர் இறக்கப்படும். அந்த நாட்களில் வெந்நீர் விடியற்காலை 4.30 முதல் 7.30 வரை மட்டும். லிஃப்ட் வழக்கம்போல ஓடும், கல் மண் அதில் ஏறாது. சாப்பாட்டுக் கூடம் திறந்திருக்கும்.

இனி வாடகை. இந்த மூன்று மாதமும் பழைய விருந்தினர் எல்லோருக்கும் 15 சதவீதம் தள்ளுபடி. உடைப்பு நடக்கும் நாட்களில் 30 சதவீதம். இரட்டைக் கட்டில் அறை 1,800 ரூபாய். உடைப்பு நாளில் 1,260 ஆகும். ஜிஎஸ்டி 5 சதவீதம் குறைத்த தொகைக்குத்தான், அதாவது 63 ரூபாய். ஆக 1,323. மூன்று இரவும் உடைப்பு நாளாக அமைந்தால் 3,969 ரூபாய். வழக்கமாக 5,670 ஆகியிருக்கும். நேரடியாகப் போன் செய்து பதிவு செய்தால்தான் இந்தக் கணக்கு. இணையதளங்கள் வழியே வரும் பதிவில் எங்களால் விலையை மாற்ற முடியவில்லை.

ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்கள் தேதியை மாற்றிக்கொள்ளலாம், அல்லது முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். பிடித்தம் எதுவும் இல்லை. சொன்ன நேரத்துக்கு வெளியே உடைப்புச் சத்தம் கேட்டால் ரிசப்ஷனில் சொல்லுங்கள். உடனே நிறுத்தச் சொல்வோம், அன்றைய வாடகையும் வாங்கமாட்டோம்.

உடைப்பு நாட்களை ஒவ்வொரு லைனுக்கும் ஒரு வாரம் முன்பே முடிவு செய்வோம். அதனால் பதிவு செய்தபின் கிளம்பும் வாரத்தில் இன்னொரு முறை கூப்பிடுங்கள். போனில் மூன்று விஷயம் சொன்னால் போதும்: எந்தத் தேதி, மதியம் அறையில் இருப்பீர்களா, கூட வயதானவர்கள் இருக்கிறார்களா. தரைத்தள அறைகள் நான்கில் வேலை எதுவும் இல்லை. அவற்றைப் பெரியவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
லாட்ஜ் நிர்வாகி