சாக்லேட்டில் இருக்கிறது எச்சரிக்கை

ஆசிரியருக்கு,

கொடுமையான எதிர்காலச் சமூகத்தைக் காட்டும் டிஸ்டோபியா நாவல் என்றதும் மாணவர்கள் ரோபோக்களையும் இடிந்த நகரங்களையும்தான் தேடுகிறார்கள். ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலில் (1949) சாக்லேட்டைக் கவனிக்கச் சொல்லலாம். வாரப் பங்கீடு 30 கிராமிலிருந்து 20 ஆகக் குறையும் என்று அரசு அறிவிக்கிறது. குறைக்க மாட்டோம் என்ற முந்தைய வாக்குறுதியைப் பழைய நாளிதழிலேயே திருத்துகிறான் கதாநாயகன் வின்ஸ்டன்; அவனுக்கு உத்தியோகமே அதுதான். மறுநாள், பங்கீட்டை 20 கிராமாக ‘உயர்த்தியதற்கு’ மக்கள் ஊர்வலமாக வந்து நன்றி சொன்னதாகச் செய்தி! உடன் சாப்பிடுபவர் அப்படியே நம்பிவிடுகிறார்.

வேவு பார்க்கும் திரையும் சுவரெங்கும் தலைவர் படமும் இவ்வகை நாவலின் வெளி அடையாளங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தாள் கிடைக்காத நாட்டில் எந்தப் பொய்யும் செல்லுபடியாகும் என்பதே எச்சரிக்கை. இதை ஆர்வெல் வெறும் கற்பனையாக எழுதவில்லை. ஸ்டாலின் ஆட்சியில் புகைப்படங்களிலிருந்தே ஆட்களை அழித்தார்கள்.

- ஓர் ஆசிரியர், திண்டுக்கல்