அந்தக் காருக்கு 99 அதிகம்

கண்ணா,

நீ அனுப்பிய காரின் படங்களைப் பார்த்தேன். "மத்தவங்களும் இதே விலைதான்பா சொல்றாங்க" என்று எழுதியிருந்தாய், அதனால் நானும் மூன்று வாரமாக அதே மாடல் விளம்பரங்களை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன் (உன் அம்மா சிரிக்கிறாள், சிரிக்கட்டும்).

மொத்தம் 23 கிடைத்தது. அதில் நான்கு, ஏற்கெனவே குறித்த ஒரு வண்டியையே வேறு வேறு ஆட்கள் மறுபடி போட்டிருந்தது. பின்னணியில் அதே சுவர், அதே கீறல். இன்னும் நான்கு ஆட்டோமேட்டிக் கியர், உனக்கு வேண்டியது அது இல்லை. மீதி 15ஐ விலை வரிசையில் எழுதினால் எட்டாவதுதான் நடு. சராசரி போடாதே, பேராசையில் விலை போட்டிருக்கிற இரண்டு பேரே அதை மேலே இழுத்துவிடுவார்கள். அந்த நடு விலையை 100 என்று வைத்துக்கொள்வோம், அந்தக் கணக்கில் உன் ஆள் கேட்பது 99. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நடுவில் நிற்கும் வண்டிகள் 60,000 கிலோமீட்டர் வாக்கில் ஓடியவை, உன்னுடையது 70,000. 40,000 ஓடியவை 106ஐ ஒட்டியும் 80,000 ஓடியவை 94ஐ ஒட்டியும் இருந்தன, அதாவது பத்தாயிரத்துக்கு 3 குறைகிறது. ஆக 97.

அப்புறம், இதெல்லாம் கேட்கிற விலைதானே, கைமாறுகிற விலை இல்லையே. 100க்கு மேல் கேட்டவை மூன்று வாரமும் அப்படியே கிடந்தன, இரண்டு பேர் விலையைக் குறைத்தும் போட்டார்கள். சீக்கிரம் காணாமல் போனதெல்லாம், ஓட்டத்துக்குத் தகுந்த விலையிலிருந்து நாலைந்து கீழே கேட்டவை. விற்றுத்தான் போயின என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனாலும் நான் 4 கழிக்கிறேன். 93.

இனி நிலைமை. நாலு டயரும் தேய்ந்திருக்கிறது, புதுசு போட 4 ஆகும். ஆனால் முழுசாகக் கழிக்காதே, மற்ற வண்டிகளின் டயரும் பாதி தேய்ந்ததுதான், அந்த 100க்குள் அது ஏற்கெனவே இருக்கிறது. 2 போதும். டைமிங் பெல்ட் அப்படி இல்லை. மாற்ற வேண்டிய காலம் வந்தும் அவர் மாற்றவில்லை, மற்ற விளம்பரங்களில் பெரும்பாலும் மாற்றியாகிவிட்டது என்று இருக்கிறது, அதனால் அந்தச் செலவு 3 முழுசாகவே போகும். ஆக 88. ஒன்றிரண்டு கூடக் கொடுக்கலாம், 92 என்றால் விட்டுவிடு.

இந்தக் கழித்தல் எல்லாம் அடிபடாத வண்டிக்குத்தான். கதவு இடுக்குகள் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் இருந்தாலோ, ரப்பர் ஓரத்தில் பெயின்ட் படிந்திருந்தாலோ விலையே பேச வேண்டாம், வந்துவிடு.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. நாலு டயரிலும் பார்த்து எனக்கு எழுது, ஸ்டெப்னியையும் விடாதே.

அப்பா