தோண்டிய குழியை எது நிரப்புகிறது?

அன்புள்ள ஊர் மக்களுக்கு,

உங்கள் தெருவுக்குக் கான்கிரீட் சாலை போட எஸ்டிமேட் தயாராகிவிட்டது, அதை ஊர்க் கூட்டத்தில் படிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பல வருடம் இதே வேலையாக எஸ்டிமேட் போட்டவன் நான். கூட்டத்தில் மொத்தத் தொகையை மட்டும் வாசித்தால், அது அதிகமா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. அதனால் தொகை மட்டும் இருக்கும் சுருக்கத் தாளோடு விட்டுவிடாமல், அளவுகள் இருக்கும் விரிவான தாளையும் கேளுங்கள். அதில் ஒவ்வொரு வேலைக்கும் எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம் என்று கட்டங்கள் இருக்கும். நான்கையும் பெருக்கினால் கன மீட்டர் வரும். ஏமாற்றுவதாக இருந்தால் பெரும்பாலும் அந்தக் கட்டங்களில்தான் நடக்கும்.

ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். நீளம் 200 மீட்டர், அகலம் 3 மீட்டர். மேலே 15 சென்டிமீட்டர் கான்கிரீட், அதற்குக் கீழே 10 சென்டிமீட்டர் சிமென்ட் குறைந்த அடித்தளக் கான்கிரீட். மேல் கான்கிரீட் 200 × 3 × 0.15, அதாவது 90 கன மீட்டர். அடித்தளம் 60 கன மீட்டர். இந்த இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற வேலை என்பதால் இவற்றை உள்ளதை விட அதிகமாகக் காட்டுவது கடினம்.

மண் தோண்டுதல் அப்படி இல்லை. வேலை முடிந்தபின் அந்தக் குழியை யாரும் பார்க்க முடியாது. இந்தத் தெருவுக்குத் தாளில் தோண்டும் ஆழம் 0.45 மீட்டர் என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 200 × 3 × 0.45, மொத்தம் 270 கன மீட்டர். கணக்கில் பிழை இல்லை, பெருக்கல் சரி. இங்கேதான் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: தோண்டிய குழியை எது நிரப்புகிறது?

சாலை இப்போதுள்ள தரை மட்டத்துக்கே வருகிறது என்றால், குழிக்குள் உட்காரப் போவது 10 சென்டிமீட்டரும் 15 சென்டிமீட்டரும்தான். 25 சென்டிமீட்டர் தோண்டினால் போதும். அதற்கு 150 கன மீட்டர். மீதி 120 கன மீட்டர் எதற்கு என்று தாள் பதில் சொல்ல வேண்டும். சாலை தரையை விட உயர்ந்து நிற்கப் போகிறது என்றால் 150 கூட வேண்டியிருக்காது.

நியாயமான பதில் ஒன்றும் உண்டு. அடியில் களிமண் இருந்தால் மழையில் ஊறி, வெயிலில் வெடித்து, மேலே போட்ட கான்கிரீட்டையும் பிளந்துவிடும். அதை எடுத்துவிட்டு கிராவல் போட்டு இறுக்க வேண்டியிருக்கும். அப்படியானால் எஸ்டிமேட்டில் 20 சென்டிமீட்டர் கிராவல் நிரப்புதல் என்று தனியாக ஒரு வரி, 120 கன மீட்டர் அளவோடு இருக்க வேண்டும். வரி இல்லையென்றால் தோண்டாத மண்ணுக்குக் கூலி எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். வரி இருந்தால், அடியில் இருப்பது களிமண்தானா என்று தெருவின் மூன்று இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கடப்பாரையும் மண்வெட்டியும் இருந்தால் ஒரு காலையில் முடிகிற வேலை. நான் பார்த்த ஒரு தெருவில் மண்ணைக் கெட்டிப் பாறை என்று எழுதியிருந்தார்கள். பாறை வெட்டும் கூலி சாதாரண மண்ணை விடப் பல மடங்கு. குழி வெட்டியபோது இடுப்பு ஆழம் வரை கடப்பாரை எங்கேயும் கல்லில் மோதவில்லை. செம்மண்தான்.

அடுத்தது, தோண்டிய மண் எங்கே போகிறது என்பது. ஒரு வரியில் ‘மண்ணை வெளியே கொண்டுபோய்க் கொட்டுதல்’ என்றும், இரண்டு வரி தள்ளி ‘சாலை ஓரத்துக்கு வெளியிலிருந்து மண் கொண்டுவந்து போடுதல்’ என்றும் இருக்கும். இரு ஓரமும் அரை மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் 30 கன மீட்டர் போதும். தோண்டிய மண் நல்ல மண்ணாக இருந்தால் அதையே அங்கே போடலாம். ஒரே மண்ணுக்குப் போகக் கூலி, வரக் கூலி இரண்டையும் எழுதினால் ஏன் என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: தோண்டிய மண் பொலபொலத்து நாலில் ஒரு பங்கு வரை கூடும். 150 கன மீட்டர் குழியிலிருந்து வண்டியில் 180க்கு மேல் போனால் அதை உடனே பொய் என்று சொல்லிவிடாதீர்கள்.

அகலத்தை நீங்களே டேப் பிடித்து அளந்துவிடலாம். தெரு முழுக்க 3 மீட்டர் என்று எழுதுவது எளிது. உங்கள் தெரு கடைசி 60 மீட்டரில் குறுகி 2.4 மீட்டர்தான் என்றால், மேல் கான்கிரீட்டில் மட்டும் 5.4 கன மீட்டர் குறைய வேண்டும். பத்து மீட்டருக்கு ஓரிடமாக அளந்து எழுதிக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.

இனி விலை. எஸ்டிமேட்டில் ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு என்பதை இன்ஜினியர் தன் விருப்பப்படி எழுத முடியாது. அரசு வெளியிடும் விலை விகிதப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். அந்த விலைக்குள் பொருள், ஆள் கூலி, இயந்திர வாடகை, ஒப்பந்தக்காரரின் லாபம் எல்லாம் வழக்கமாக அடங்கிவிடும். அதனால் ஊர்க் கொத்தனார் ‘பாதிக் காசுக்கு நான் போட்டுத் தருவேன்’ என்று சொல்வதோடு ஒப்பிட வேண்டாம். அது வேறு கணக்கு. பார்க்க வேண்டியது, வேலையின் விவரணையில் ‘உட்பட’ என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை. ‘கலத்தல், இறுக்குதல், தண்ணீர் காட்டுதல் உட்பட’ என்று கான்கிரீட் வரியில் இருந்துவிட்டு, கீழே தண்ணீர் காட்டத் தனி வரி வந்தால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் போகிறது.

விலை பெருகும் இன்னொரு இடம் தொலைவு. ஜல்லியும் மணலும் எந்தக் குவாரியிலிருந்து, எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு தாள் இருக்கும். அதை எங்கள் பேச்சில் லீட் என்போம். உண்மையில் லாரி 15 கிலோமீட்டரிலிருந்து வரும்போது தாளில் 40 என்று இருந்தால், ஜல்லி சேரும் ஒவ்வொரு வரியிலும் அந்த 25 கிலோமீட்டர் வாடகை ஏறியிருக்கும். குவாரியின் பெயரைக் கேளுங்கள். லாரி ஓட்டுகிற பிள்ளைகள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், தூரம் அவர்களுக்குத் தெரியும். ‘மொத்தமாக’ என்று ஒரு முழு எண் மட்டும் நிற்கும் வரி இருந்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துக் கேளுங்கள்.

எஸ்டிமேட் சரியாக இருந்தும் வேலை குறையலாம். அதற்குச் சிமென்ட் மூட்டையை எண்ணுவது நல்ல வழி. ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற கலவையில் ஒரு கன மீட்டருக்கு 50 கிலோ மூட்டை ஏறக்குறைய 8 ஆகும். 90 கன மீட்டருக்கு 720 மூட்டை. அடித்தளத்துக்கு வேண்டியது இதில் சேராது. கலவை ஆலையிலிருந்து லாரியில் வந்தால் மூட்டைக்குப் பதில் ஒவ்வொரு லாரியின் ரசீதிலும் உள்ள கன மீட்டரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆலைக் கலவையில் சிமென்ட் அளவு வேறாக இருக்கும் என்பதால் அங்கே மூட்டைக் கணக்கு பொருந்தாது.

கான்கிரீட் போட்டுப் பக்கப் பலகையைக் கழற்றும் நாளில், ஓரத்தில் மண் அணைப்பதற்கு முன்பு இரண்டு பேர் ஸ்கேலோடு நடந்து போங்கள். சாலையின் பக்கவாட்டு விளிம்பு அன்று திறந்திருக்கும். 15 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று அளந்து, இடத்தையும் தேதியையும் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்துக் கேளுங்கள். அவர் தன் அளவுப் புத்தகத்தில் என்ன எழுதினார் என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள். ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுப்பது எஸ்டிமேட்டை வைத்து அல்ல, அந்தப் புத்தகத்தை வைத்துத்தான்.

அன்புடன்,
பல வருடம் எஸ்டிமேட் போட்டவன்