பில் பணம் வராத கதை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அந்தக் கம்பெனிக்குக் கேட்டலாக் வேலை முடித்துக் கொடுத்து ஜூன் 10 தேதியிட்டு பில் போட்டாய், அவர்கள் தந்த பர்ச்சேஸ் ஆர்டரில், அதாவது பி.ஓ.வில், 30 நாள் கெடு என்று எழுதியிருக்கிறது, ஜூலை 10 தாண்டியும் ஒரு லட்சமும் வரவில்லை, அதற்கான 18,000 ஜிஎஸ்டியை மட்டும் ஜூலை 20-க்குள் நீ கையிலிருந்து கட்டிவிட்டாய். கோபம் வராமல் என்ன செய்யும்! ஆனால் முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் "சார், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று அனுப்புவதை நிறுத்து. அவர் படித்துவிட்டு மறந்துவிடுவார். பணம் போடுவது அக்கவுண்ட்ஸ் பிரிவு.

அவர்களுக்கு முதல் மெயில் சாதாரணமாக இருக்கட்டும்: பில் நம்பர், தேதி, தொகை, கூடவே பில்லும் பி.ஓ.வும். "பில் பாஸ் ஆகிவிட்டதா, வேறு ஏதாவது பேப்பர் தேவையா?" என்று ஒரே கேள்வி. பாதி நேரம் பில்லில் பி.ஓ. நம்பர் இல்லை, வேலை வந்து சேர்ந்ததென்று யாரும் கையெழுத்துப் போடவில்லை என்று ஏதாவது ஒன்றில்தான் அது நிற்கும். அது தெரிந்தால் அன்றைக்கே சரிசெய்துவிடலாம்.

ஒரு வாரம் பதில் இல்லையென்றால் போன் பண்ணு. "வெள்ளிக்கிழமை போட்டுடுறோம்" என்பார்கள். போனை வைத்ததும் அதே மெயிலுக்குக் கீழேயே எழுது: "இன்று பேசியபடி, பில் தொகை வெள்ளிக்கிழமை வரவு வைக்கப்படும் என்று தெரிவித்தீர்கள். நன்றி." அவ்வளவுதான். இதற்கு அவர்கள் "சரி" என்று ஒரு வரி பதில் போட்டாலும், பாக்கி இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி. பின்னால் வழக்கு என்று வந்தால் உதவும்.

வெள்ளியும் போனால்தான் மூன்றாவது மெயில். அதில் முதலாளியையும் சிசியில் போடு. நீ இந்த வேலைக்கு முன்பே சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு எடுத்தவன், அந்த நம்பரை எழுது. எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்தில் ஒப்புக்கொண்ட கெடு எதுவானாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது, தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. "வட்டி கேட்கும் எண்ணம் இல்லை, 20-ஆம் தேதிக்குள் அசலைச் செலுத்திவிடுங்கள், இல்லையேல் அரசின் எம்எஸ்எம்இ போர்ட்டலில் புகார் பதிவு செய்ய வேண்டியிருக்கும்" என்று தேதியோடு எழுது. கேஸ், வக்கீல் என்றெல்லாம் மிரட்டாதே. செய்யப்போவதை மட்டும் சொல், சொன்னால் அந்தத் தேதியில் செய்.

இன்னொன்று, அவர்கள் ஆடிட்டருக்கு இது நன்றாகவே உறைக்கும். கெடு தாண்டிய பாக்கியை மார்ச் 31-க்குள்ளும் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த வருஷக் கணக்கில் கழிக்க வருமான வரிச் சட்டம் விடாது. பில் தேதியிலிருந்து 180 நாள் போனால், உன் பில்லை வைத்து அவர்கள் எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டையும் திருப்ப வேண்டும்.

அப்புறம், அடுத்த சீசன் கேட்டலாக்குக்கு அவர்கள் கூப்பிட்டால், பாதி முன்பணம் வந்தபிறகு ஃபைலைத் திற. மூன்றாவது மெயிலை அனுப்பும் முன் எனக்கு ஒருமுறை காட்டு.

உன்,
ராமு