நள்ளிரவில் தொலைந்துபோகும் ஓடர்கள்: உங்கள் இணைப்பு மென்பொருள் குறித்த புகார்

திருகோணமலை
2025 ஜூலை 11

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்கள்

பொருள்: விற்பனை மென்பொருளில் கைகூடிய ஓடர்களை இரவுதோறும் இன்வொய்ஸ் மென்பொருளுக்கு அனுப்பும் இணைப்பில் உள்ள குறைபாடு

ஐயா / அம்மணி,

விடுதிகளுக்கும் மீன் வியாபாரிகளுக்கும் குளிர் அறைகளும் ஐஸ் இயந்திரங்களும் பொருத்திக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பொறுப்பில் இருக்கிறேன். கடந்த மார்ச் மாதம் முதல் தங்கள் இணைப்பைப் பயன்படுத்துகிறோம். விற்பனைப் பிள்ளைகள் ஓர் ஓடரை `Closed Won` என்று மாற்றினால், அன்றிரவு 2 மணிக்குத் தங்கள் மென்பொருள் அதை எடுத்து, கட்டாயக் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்த்து, இன்வொய்ஸ் ஆக்கி வைக்கும். காலையில் நான் வந்து சரிபார்த்து அனுப்பினால் போதும் என்பதுதான் பேச்சு. ஏப்ரல், மே மாதங்களில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போது அந்த இரண்டு மாதங்களையும் நினைத்தால் வயிறு கலங்குகிறது.

ஜூலை 8ஆம் திகதி காலை நிலாவெளியில் உள்ள ஒரு விடுதியின் கணக்காளர் தொலைபேசியில் அழைத்தார். “அக்கா, குளிர் அறை பொருத்தி மூன்று கிழமை ஆகிறது. மீதிக் காசுக்குக் காசோலை எழுதியே வைத்திருக்கிறேன். இன்வொய்ஸைத்தான் இன்னும் காணவில்லை” என்றார். பணம் கொடுக்க ஆள் காத்திருக்க, பணம் கேட்க நாங்கள் மறந்திருக்கிறோம். எங்கள் ஊரில் வியாபாரம் செய்பவர்களுக்கு இது எவ்வளவு வெட்கக்கேடு என்று கொழும்பில் இருக்கும் உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அந்த ஓடரின் கதை இதுதான். ஜூன் 3ஆம் திகதி எங்கள் விற்பனையாளர் விடுதியின் முற்றத்தில் நின்றே கைபேசியில் அதை `Closed Won` ஆக்கினார். பெறுமதி 18 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். 18 சதவீத வற் வரி 3 இலட்சத்து 33 ஆயிரம். விடுதி புதிய வாடிக்கையாளர் என்பதால் அதன் வரி அடையாள இலக்கம் அப்போது கையில் இல்லை. கட்டம் வெறுமையாக இருந்தது. அன்றிரவு தங்கள் மென்பொருள் அந்த ஓடரைத் தாண்டிப் போனது. அதுவரை பிழையில்லை. வரி இலக்கம் இல்லாமல் வரி இன்வொய்ஸ் அடித்திருந்தால்தான் நான் சண்டைக்கு வந்திருப்பேன்.

ஆனால் மறுநாள் காலை எனக்கு வந்த மின்னஞ்சலில் இருந்தது இந்த ஒற்றை வரி மட்டுமே:

```
02:00:14 fetched=5 created=4 skipped=1 status=SUCCESS
```

ஐந்தில் ஒன்றை விட்டுவிட்டு `SUCCESS` என்று எழுதும் துணிச்சல் எனக்கு வராது. எந்த ஓடர் விடுபட்டது, எந்தக் கட்டம் வெறுமை, யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை. ‘சரி’ என்று தினமும் வரும் மின்னஞ்சலை ஒரு மாதத்துக்குப் பின் யாரும் திறந்து பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை, அந்த அளவுக்கு என் தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன்.

இனித்தான் முக்கியமான இடம். இரண்டு நாள் கழித்து விற்பனையாளர் விடுதியிடம் வரி இலக்கத்தைக் கேட்டு வாங்கி, உடனே பதிந்தும் விட்டார். அவர் தன் கடமையைச் செய்தார். அப்படியிருந்தும் அந்த ஓடர் அன்றிரவும் போகவில்லை, அதன் பிறகும் போகவில்லை. ஏன் என்று தங்கள் உதவிப் பிரிவிடம் கேட்டபோது, நல்ல மனதுள்ள ஒரு தம்பி இரவு ஓட்டத்தின் வடிகட்டியைப் படம் பிடித்து அனுப்பிவைத்தார். அதிலிருந்த இரண்டு வரிகள் இவை:

```
WHERE deal.stage = 'Closed Won'
  AND deal.modified_at >= last_run
```

அதாவது, கடைசி ஓட்டத்துக்குப் பிறகு மாற்றம் கண்ட ஓடர்களை மட்டுமே தங்கள் மென்பொருள் தேடுகிறது. வரி இலக்கமோ ஓடரில் இருப்பதில்லை. வாடிக்கையாளர் பதிவில் இருக்கிறது. அங்கே இலக்கத்தை எழுதினால் வாடிக்கையாளர் பதிவின் நேரம் மாறும், ஓடரின் நேரம் மாறாது. ஆகவே ஓடர் எவ்வளவு காலம் காத்திருந்தாலும் தங்கள் மென்பொருளின் கண்ணில் படாது. கட்டாயக் கட்டம் வெறுமை என்று ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டு, கட்டத்தை நிரப்பியவன் திரும்பி வரும்போது கதவை அடைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

அந்தத் தம்பி ஒரு வழியும் சொன்னார்: ஓடரைத் திறந்து குறிப்புப் பகுதியில் ஒரு புள்ளி வைத்துச் சேமிக்க வேண்டுமாம். வைத்தோம். அன்றிரவே நிலாவெளி இன்வொய்ஸ் பிறந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி. சந்தேகம் வந்த ஓடர்களுக்கெல்லாம் புள்ளி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்படிப் புள்ளி வைத்தவற்றில் ஒன்று கிண்ணியா மீன் வியாபாரி ஒருவரின் ஐஸ் இயந்திரம். அதற்கு ஜூன் மாதமே இன்வொய்ஸ் போய், பாதிப் பணமும் வந்திருந்தது. புள்ளியைக் கண்ட தங்கள் மென்பொருள் புதிய இலக்கத்தில் இரண்டாவது இன்வொய்ஸை அடித்துவிட்டது. காலையில் நான் பார்க்கத் தவறினேன், அதுவும் அவருக்குப் போய்விட்டது. “ஒரு இயந்திரத்துக்கு இரண்டு தரம் காசா?” என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. தொடர் இலக்கம் இட்ட வரி இன்வொய்ஸை அழித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருக்க முடியாது. கடன் குறிப்பு எழுதி, அவரிடம் மன்னிப்பும் கேட்டு முடித்தேன்.

விடுபடுதலும் இரட்டிப்பும் இரண்டு நோய்கள் அல்ல என்பதை இந்த இடத்தில் தாங்கள் கவனிக்க வேண்டும். வேர் ஒன்றுதான். ‘எது மாறியது?’ என்று கேட்கிறது தங்கள் மென்பொருள். அது கேட்க வேண்டியது ‘எதற்கு இன்னும் இன்வொய்ஸ் இல்லை?’ என்பதை. முதற்கேள்வியைக் கேட்கும் வரையில், வாடிக்கையாளர் பதிவில் திருத்தம் வந்தால் ஓடர் விடுபடும். ஓடரில் யாராவது எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் இன்வொய்ஸ் இரட்டிக்கும்.

நிலாவெளிக் கணக்காளரின் அழைப்புக்குப் பின் ஜூன் மாதப் பட்டியல்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேனையால் கோடிட்டேன். விற்பனைப் பக்கத்தில் 41 ஓடர்கள். இன்வொய்ஸ் பக்கத்தில் 35. விடுபட்ட ஆறில் நான்கு, நிலாவெளியைப் போலவே வரி இலக்கம் பிறகு வாடிக்கையாளர் பதிவில் ஏறியவை. மற்ற இரண்டிலும் கட்டம் வெறுமை என்று யாருக்கும் தெரியவே தெரியாது, யாரும் சொல்லவில்லையே. ஆறினதும் பெறுமதி 39 இலட்சம் ரூபாய். அதற்கான வற் வரி 7 இலட்சத்து 2 ஆயிரம். ஆறும் ஜூன் மாதத்திலேயே பொருத்தி ஒப்படைத்த வேலைகள். ஜூன் மாத வரியை ஜூலை 20ஆம் திகதிக்குள் செலுத்த வேண்டும். அந்தக் கணக்காளர் பொறுமைசாலியாக இருந்து இன்னும் இரண்டு கிழமை காத்திருந்தால், ஏழு இலட்சம் குறைத்துக் கட்டியிருப்போம். அதற்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் விளக்கம் சொல்லப்போவது தங்கள் மென்பொருள் அல்ல, நான்.

கட்டாயக் கட்டச் சோதனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வரி இலக்கத்தை எல்லா வாடிக்கையாளருக்கும் கட்டாயமாக்கி வைத்திருக்கிறீர்கள். எங்களிடம் வாங்கும் சிறு மீன் வியாபாரிகளில் பலர் வற் வரிக்குப் பதிவு செய்தவர்கள் அல்லர். அவர்களிடம் இல்லாத இலக்கத்தைக் கேட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஒரு `0`, இல்லையென்றால் ஒரு `-` போடுகிறார்கள். தங்கள் சோதனை ‘வெறுமையா?’ என்று மட்டும் கேட்பதால் அந்தச் சிறு கோடும் தேறிவிடுகிறது. அப்படி ‘வரி இலக்கம்: -’ என்று அச்சாகிப் போன இன்வொய்ஸ் ஒன்று என் மேசையில் இருக்கிறது. அதை வாங்கியவரோ பதிவு செய்த வியாபாரி. இலக்கத்தைக் கேட்கச் சோம்பல்பட்டு யாரோ கோடு போட்டிருக்கிறார்கள். கண்டிப்பு கூடிய இடத்தில் பொய் நுழைந்துவிடுகிறது. வாடிக்கையாளர் பதிவு செய்தவரா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால் மட்டும் ஒன்பது இலக்கங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லை என்றால் வெறுமையாகவே விடுங்கள். இதே கேள்வியை `Closed Won` அழுத்தும் நேரத்திலும் கேட்டால் பாதித் தொல்லை அங்கேயே தீரும். ஆனால் இரவுச் சோதனையை எடுத்துவிட வேண்டாம். எக்செல் கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றும் ஓடர்கள் அந்தத் திரையைப் பார்ப்பதே இல்லை.

தாங்கள் செய்ய வேண்டியதாக நான் எதிர்பார்ப்பவை: இன்வொய்ஸ் உருவானதும் அதன் இலக்கத்தை ஓடரிலேயே எழுதி வைத்து, வடிகட்டியை இப்படி மாற்றுங்கள்:

```
WHERE deal.stage = 'Closed Won'
  AND deal.invoice_no IS NULL
```

அப்போது விடுபட்ட ஓடர், குறை தீரும் வரை ஒவ்வோர் இரவும் தானாகவே மறுபடி வரிசையில் நிற்கும். இன்வொய்ஸ் உருவாகி, இலக்கம் ஓடரில் ஏறுவதற்குள் தொடர்பு அறுந்துபோகும் இரவுகளும் உண்டு. அதனால் ஒவ்வோர் இன்வொய்ஸிலும் ஓடரின் அடையாளத்தைப் பதிந்து, புதிதாக ஒன்றை அடிக்கும் முன் அந்த அடையாளத்தில் ஏற்கெனவே இன்வொய்ஸ் இருக்கிறதா என்று தேட வேண்டும். இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள்: வடிகட்டியை மாற்றும் முன், பழைய ஓடர்கள் எல்லாவற்றிலும் அவற்றின் இன்வொய்ஸ் இலக்கத்தை நிரப்பிவிடுங்கள். இல்லையேல் முதல் இரவே பழைய ஓடர்கள் அத்தனைக்கும் புதிய இன்வொய்ஸ் அடித்துத் தள்ளும். கிண்ணியாவில் ஒருவரிடம் கேட்ட மன்னிப்பை மாவட்டம் முழுவதும் கேட்க வேண்டியிருக்கும்.

காலை மின்னஞ்சலில் விடுபட்ட ஒவ்வோர் ஓடரின் பெயரும், வெறுமையான கட்டமும், பொறுப்பான விற்பனையாளரும் வர வேண்டும். ஒன்றுகூட விடுபட்டிருந்தால் `SUCCESS` என்ற சொல் வரக்கூடாது. இரு பக்கத்து எண்ணிக்கையையும் ரூபாய்க் கூட்டுத்தொகையையும் ஒரே வரியில் போட்டால் நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஒப்பிட்டுவிடுவேன்.

இவற்றை ஜூலை 31ஆம் திகதிக்குள், மேலதிகக் கட்டணம் இல்லாமல் செய்து தர வேண்டும். மார்ச் முதல் மே வரை விடுபட்டவற்றின் பட்டியலை மட்டும் அதற்கு முன்பே, ஒரு கிழமைக்குள் அனுப்பிவையுங்கள். அந்த மாதங்களின் வரிக் கணக்கை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம், திருத்த வேண்டியிருந்தால் தாமதிக்க முடியாது. ஜூன் மாதச் சந்தாவைத் திருப்பித் தருவது பற்றியும் தங்கள் பதிலில் எழுதுங்கள்.

நேற்று மாலை இரவு ஓட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டேன். விடுமுறைக் காலம் என்பதால் விடுதிகளில் வேலை மும்முரம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று ஓடர்கள் வருகின்றன. இப்போதைக்கு அவற்றை எங்கள் எழுதுவினைஞர் கையால் பதிகிறார். 41 ஓடர்களின் பட்டியலும், இரட்டித்த கிண்ணியா இன்வொய்ஸின் பிரதிகளும், கோடு போட்ட அந்த ஒன்றும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
கணக்கு முகாமையாளர்